கொல்லை வாழையிலிருந்து கடைக்கும் சமையற்காரருக்கும் இலை

வீட்டுக் கொல்லையில் இருபது முப்பது வாழைக் குத்துகளை வைத்திருப்பவர், அவற்றின் இலையை விலைக்குக் கொடுக்கலாம் என்று எண்ணத் தொடங்கியவுடன், பெரும்பாலும் முதலில் செய்கிற காரியம் ஒரு கல்யாண சமையற்காரரையோ நல்ல கூட்டமுள்ள சாப்பாட்டுக் கடைக்காரரையோ தேடிச் சென்று, "இலை என்னிடம் உண்டு, எவ்வளவு வேண்டும்?" என்று கேட்பதாகும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன், தம்மிடம் எவ்வளவு இலை உண்டு என்ற கேள்விக்கு அவர் விடை கண்டிருக்க வேண்டும். அந்த விடை எதிர்பார்ப்பதைவிட மிகவும் சிறியதாகவே இருக்கும். ஆயினும் அந்தச் சிறிய தொகைக்கென்றே தனியாக வாங்குவோர் உண்டு. அவர்கள் யார், அவர்களுக்கு எவ்வாறு ஒப்புக்கொள்வது, ஒப்புக்கொண்டதை எவ்வாறு அறுத்துக் கட்டிக் கொடுப்பது என்பவற்றையே இந்த அத்தியாயம் சொல்லும். நான் எழுதுவது காவிரிப் படுகையில் என் கொல்லையில் கண்டதை வைத்து. காற்றும் நீரும் வேறாயுள்ள ஊர்க்காரர்கள் நாட்கணக்கைத் தங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

எத்தனை இலை கிடைக்கும்?

வாழை, வெயிலும் நீரும் நிறைந்த மாதங்களில் ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒரு குருத்து விரிக்கும். மார்கழிக் குளிரில் அதே மரம் பதினைந்து நாட்களுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். கன்று நட்டு நான்கு ஐந்து மாதங்கள் சென்ற பின்னரே அதன் இலை விருந்துக்குரிய அளவை அடைகிறது; பூ வெளிவந்துவிட்டாலோ அதன்பின் புதிய இலை ஒன்றுகூட வராது. ஆகவே ஒரு மரம் இலை அறுப்பதற்கு ஏற்றதாயிருக்கும் காலம் நான்கைந்து மாதங்களே என்பதையும், அக்காலத்தில் மாதத்துக்கு மூன்று இலைக்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கலாகாது என்பதையும் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

முப்பது குத்துகளையும் ஒரே நாளில் நட்டவருக்கு ஐந்தாம் மாதத்தில் இலை குவியும்; பத்தாம் மாதத்தில் எல்லா மரங்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தார் போட்டுவிட, வாடிக்கைக்காரருக்குக் கைவிரிக்க நேரும். இதைத் தவிர்க்க, பத்துப் பத்தாக இரண்டு மூன்று மாத இடைவெளியில் நட்டு, பின்னர் ஒவ்வொரு குத்திலும் தாய்மரம் தார் போடும் சமயத்துக்கு அறுப்புப் பருவம் எய்தும்படி ஒரே ஒரு பக்கக்கன்றை மட்டும் விட்டுவைத்து, மற்றவற்றைக் களைந்துவிட வேண்டும். இவ்வாறு நடத்தினால் எந்தச் சமயத்திலும் முப்பதில் இருபது மரங்கள் இலை அறுக்கும் நிலையில் இருக்கும். இருபது மரம், மாதம் மூன்று இலை என்றால் அறுபது இலை. அதில் மூன்றில் ஒரு பங்கு காற்றில் கிழியும், பழுக்கும், அறுக்கும்போது முறியும். எஞ்சுவது மாதம் நாற்பது முழு இலை, வாரத்துக்குப் பத்து.

வாரம் பத்து இலை என்பது ஒரு சாப்பாட்டுக் கடையின் ஒரு வேளைப் பந்திக்கும் போதாது. அந்தக் கடைக்காரரும் கல்யாண ஒப்பந்தக்காரரும் சந்தையில் கட்டுக் கட்டாக வாங்குகிறவர்கள். அவர்களுக்கு நாம் தேவையில்லை. ஒரு கட்டு முழுவதும் வேண்டாமல் இருபது முப்பது இலை மட்டும் வேண்டியிருப்பவரே நமக்கு உரியவர்.

எந்த வாழை, எங்கே நடுவது

இலைக்கென்று வைப்பவர்கள் பெரும்பாலும் பூவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மொந்தனும் கற்பூரவல்லியும் இதற்கு ஏற்றவை. இவற்றின் இலை அகன்று, மெல்லியதாய், மடித்தால் எளிதில் முறியாமல் வளையும். ரஸ்தாளியை இதற்கென்று நட வேண்டாம். வாடல் நோய்க்கு எளிதில் இரையாவது அது. கன்று எடுக்கும்போது, இலை குறுகி ஈட்டிபோல் நிற்கிற கன்றையே எடுக்க வேண்டும். இளமையிலேயே இலை அகன்று காணும் நீர்க்கன்று, பார்வைக்குச் செழிப்பாயிருந்தாலும் கிழங்கு வலுவற்றது.

பழத்துக்கு நடுபவர்கள் ஆறடிக்கு ஒன்று நடுவார்கள். இலைக்கு ஐந்தடி போதும். நெருக்கம் சற்று மிகுந்தால் மரங்கள் ஒன்றுக்கொன்று காற்றை மறைத்துக்கொள்ளும். இலை வியாபாரத்தின் பிரதான சத்துரு காற்றுத்தான்; ஆனியிலும் ஆடியிலும் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, காலையில் விரிந்த இலையை மாலைக்குள் சீப்புப்போல் கிழித்துவிடும். கொல்லையின் மேற்குப் புறத்தில் வீட்டுச் சுவரோ மாட்டுக்கொட்டகையோ இருந்தால் அதன் மறைவில் நட வேண்டும். அவ்வித மறைவு இல்லாதவர்கள், வாழை நடுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே மேற்கு ஓரத்தில் அகத்தியை நெருக்கி விதைத்துவிட வேண்டும். அகத்தி விரைவில் உயரும்; அதன் கீரையும் வீணாவதில்லை.

குறிப்பு: உரத்தில் சாணமும் கடலைப் பிண்ணாக்கும் இலைக்கு நல்ல பசுமையைத் தரும். மரத்தடியில் நீர் தேங்கலாகாது. இலையின்மேல் எந்த மருந்தையும் தெளிக்கக் கூடாது. அதன்மேல் சோறு விழப்போகிறது என்பதை எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இலைக்கணக்கு வைக்கும் முறை

உங்கள் கொல்லையில் உங்கள் மரம் எத்தனை நாளுக்கு ஒரு இலை விடுகிறது என்பதைப் புத்தகம் சொல்ல இயலாது. அதை அறிய ஒரு சுலபமான வழி உண்டு.

1. அறுப்புப் பருவத்திலுள்ள மரங்களில் ஐந்தைத் தேர்ந்துகொள்க; கொல்லையின் ஓரத்தில் இரண்டும், நடுவில் மூன்றுமாக இருப்பது நலம்.

2. ஒவ்வொன்றிலும் கடைசியாக முழுவதும் விரிந்திருக்கும் இலையின் காம்பில், ஒரு முள்ளாலோ ஆணியாலோ தேதியை மெல்லக் கீறுக. கீறும்போது எழுத்துத் தெரியாது; தெளிந்த நீர்போல் பால் கசியும். சற்று நேரத்தில் அந்தக் கசிவு பழுப்பேறி, மையால் எழுதினாற்போல் தேதி தெளிந்து நிற்கும். மழை அதை அழிப்பதில்லை.

3. அதற்கு அடுத்த குருத்து முழுவதும் விரிந்த நாளன்று அதன் காம்பிலும் தேதியைக் கீறுக.

4. ஐந்து மரங்களிலும் கண்ட இடைவெளிகளைக் கூட்டி ஐந்தால் வகுத்தால், அந்த மாதத்துக்குரிய இடைவெளி கிடைக்கும். சித்திரையில் கண்டதைக் கொண்டு மார்கழியில் ஒப்புக்கொள்ளலாகாது. இரண்டு மாதத்துக்கொருமுறை மீண்டும் பார்க்க வேண்டும்.

இந்தத் தேதிக்கு மற்றொரு பிரயோஜனமும் உண்டு. விரிந்த இலை காற்றில்லாத இடத்தில் மரத்திலேயே இரண்டு வாரம் வரை விருந்துக்கு ஏற்றதாக இருக்கும். அதற்குப் பின் நிறம் கறுத்து, தடித்து, மடிக்கும்போது வெடிக்கும். காம்பைப் பார்த்தால் எந்த இலை இன்னும் காத்திருக்கலாம், எதை இன்றே அறுத்துவிட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அறுத்தல்

நடுப்பகலில் அறுத்த இலை, கட்டுவதற்குள்ளேயே துவண்டுவிடும். விடியற்காலையில் அறுத்ததோ நீரேறி விறைப்பாக நிற்பதால், மடிக்கும்போது நரம்போரமாகப் பிளக்கும். வெயில் தாழ்ந்தபின் மாலையில் அறுத்து, அரை மணி நேரம் நிழலில் கிடத்தி, இலை சற்றுத் தளர்ந்தபின் மடித்துக் கட்டி, இரவு ஈரச்சாக்கின்கீழ் வைத்து, விடியலில் கொண்டுபோய்க் கொடுப்பதே என் அனுபவத்தில் நல்ல வழக்கம்.

1. அறுக்க வேண்டியது, புதிதாய் விரிந்த இலையையும் அதற்கு முந்தியதையும் மட்டுமே. கீழே தொங்குகிற கிழிந்த இலைகளைச் சுத்தம் செய்வதாக எண்ணி அறுத்துத் தள்ளுவது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. கிழிந்த இலை விலைக்கு உதவாதே தவிர, பச்சையாயிருக்கும்வரை மரத்துக்கு உணவு சமைத்துக் கொடுப்பது அதுவே. ஐந்து ஆறு இலையாவது மரத்தில் எப்போதும் நிற்க வேண்டும். இல்லையேல் அடுத்தடுத்து வரும் இலை குறுகிக்கொண்டே போகும், இடைவெளியும் நீளும்.

2. அரிவாளைக் கூர்மையாகத் தீட்டிக்கொள்க. எட்டாத உயரத்துக்கு மூங்கிற் கழியில் கட்டிய துறட்டி வேண்டும்.

3. ஒரு கையால் இலையின் காம்பைப் பற்றிக்கொண்டு, தண்டிலிருந்து ஒரு சாண் காம்பை விட்டுவிட்டு அறுக்க வேண்டும். புதிய இலையின் காம்புக்கு உட்புறமாகவே அடுத்த குருத்து சுருண்டு நிற்கிறது. காம்பை ஒட்ட அறுத்தால், கத்தியின் நுனி அந்தக் குருத்தில் பட்டு, பத்து நாள் கழித்து அது விரியும்போது இலையின் நடுவில் வரிசையாக ஓட்டைகள் தோன்றும். அப்போது பூச்சி அரித்தது என்று நினைத்துக்கொள்வோம். அரித்தது நம் அரிவாளே.

4. அறுபட்ட இலையைத் தரையில் விழவிடாமல் கையில் ஏந்த வேண்டும். துறட்டியால் அறுக்கும்போது கீழே ஒருவர் நின்று ஏந்துவது நல்லது. ஆனால் அவர் அரிவாளுக்கு நேர் கீழே நிற்காமல், இலை சாயும் பக்கத்தில் இரண்டடி விலகி நிற்க வேண்டும்.

5. அறுத்த இலையைச் சுவரோரம் சாய்த்து வைத்து, காம்பிலிருந்து பால் வடிந்து நின்றபின் எடுத்துவருக. பால் வடியாமல் அடுக்கினால், அடியிலுள்ள இலைகளின் முகத்தில் பழுப்புத் திட்டுகள் விழும். பந்தியில் அவை அழுக்காகவே தோன்றும்.

எச்சரிக்கைகள்

வாழைக்கறை துணியில் பட்டால் போகாது; இந்த வேலைக்கென்று ஒரு பழைய வேட்டியையோ சேலையையோ ஒதுக்கிவிட வேண்டும். காய்ந்த மட்டைகளுக்கிடையில் தேளும், சில சமயம் பாம்பும் தங்கியிருக்கும் என்பதால், மட்டையில் கை வைப்பதற்குமுன் கழியால் தட்டிப் பார்ப்பது அவசியம். கொல்லையின்மேல் மின்கம்பி செல்லுமானால் அதன் அருகிலுள்ள மரங்களில் துறட்டியை உயர்த்தவே கூடாது. இரும்புக் குழாயில் கட்டிய துறட்டி மிக அபாயகரமானது, ஈர மூங்கிலும் நம்பத்தக்கதன்று. தார் சுமந்து சாய்ந்திருக்கும் மரத்தின் அடியில் நின்று வேறு மரத்தின் இலையை அறுப்பதும் வேண்டாம்.

பிரித்தல், மடித்தல், கட்டுதல்

ஆறடி நீளமுள்ள ஒரு நல்ல பூவன் இலையை எடுத்துக்கொள்வோம். அதன் நுனியிலிருந்து இரண்டடி நுனியிலை. விருந்துக்கும் படையலுக்கும் கேட்கப்படுவது இதுவே. அதற்குக் கீழே ஒன்றரை அடிக்கு ஒன்றாக இரண்டு ஏடுகள். அடியில் எஞ்சும் ஓரடி, பொட்டலம் கட்டவும் தட்டில் விரிக்கவும் உதவும்.

நுனியிலையின் விலை, நுனி கிழியாமல் முழுமையாக இருப்பதில்தான் அடங்கியிருக்கிறது. உண்பவரின் இடப்பக்கம் நுனி வரும்படி இலையைப் போடுவது வழக்கமாதலால், நுனி ஒடிந்த இலையைப் பந்தியில் போட எந்தச் சமையற்காரரும் துணியமாட்டார். ஏட்டில் நடுத்தண்டு தடித்திருக்கும்; அப்படியே தரையில் போட்டால் இலை மேடிட்டு நின்று ரசம் இருபுறமும் ஓடிவிடும். முழு ஏடாகக் கேட்பவருக்குப் பின்புறத்துத் தண்டைக் கத்தியால் சீவி மட்டமாக்கித் தர வேண்டும். சிற்றுண்டிக் கடைக்காரருக்கு, தண்டின் இருபுறமும் கிழித்து இரண்டாக்கிக் கொடுப்பதே சௌகரியம்.

1. ஒவ்வோர் இலையின் இரு முகத்தையும் ஈரத்துணியால் துடைத்து, பறவை எச்சமோ புழுக்கூடோ பூசணமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மயிரிழைக் கிழிசல் ஓரத்தில் இரண்டு அங்குலத்துக்குள் நின்றால் ஏற்கலாம். நடுத்தண்டுவரை சென்றால் அந்த இலையை நுனியிலைக் கணக்கில் சேர்க்கலாகாது.

2. நடுத்தண்டை மடிப்பாகக் கொண்டு, உண்ணும் முகம் உள்ளே அமையும்படி இரண்டாக மடிக்க வேண்டும். இரு கைகளாலும் தண்டோரமாக மெல்ல நீவிக்கொண்டே மடித்தால் வெடிப்பதில்லை. ஓரங்களைப் பிடித்து ஒரே இழுப்பாக மடித்தால் வெடிக்கும்.

3. நுனிகள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி பத்துப் பத்தாக அடுக்குக. இருபத்தைந்து கேட்டவருக்கு இரண்டு பத்தும் ஓர் ஐந்துமாகவே கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் அவிழ்க்காமலே எண்ணிக்கொள்ளட்டும்.

4. அடுக்கைச் சுற்றி ஒரு கிழிந்த பழைய இலையைப் போர்த்தி, நனைத்த வாழைநாரால் இரண்டு இடத்தில் கட்டுக. கயிறும் கம்பியும் ஓரத்தை அறுத்துவிடும். கட்டு இறுகவும் கூடாது. கையை நுழைத்தால் உள்ளே போகும் அளவுக்குத் தளர்ந்திருக்க வேண்டும். இறுக்கிக் கட்டிய இலை உள்ளே வெந்து புழுங்கி, மறுநாள் அவிழ்க்கும்போது நடுவிலுள்ளவை மஞ்சளித்திருக்கும். விரலை நடுவில் விட்டுப் பார்த்தால் வெம்மை தெரியும். தெரிந்தால் உடனே அவிழ்த்துக் காற்றாட விட வேண்டும்.

5. கட்டின்மேல் நீர் தெளித்து ஈரச்சாக்கால் மூடி, நிழலில் நிறுத்தி வைக்க வேண்டும். இவ்விதம் வைத்த இலை மூன்று நாள் வரை கெடாது. எனினும் அறுத்த மறுநாளே கொடுத்துவிடுவதை நியமமாகக் கொள்வது நலம்.

குறிப்பு: பொட்டலத்துக்கு வாங்குபவருக்கு, ஏட்டைத் தணலுக்குமேல் ஒருமுறை ஓட்டி வாட்டிக்கொள்ளுமாறு சொல்லிக் கொடுங்கள். பச்சை இலையின் பளபளப்பு ஒரு கணத்தில் மாறி, துணிபோல் வளையும். சூடான சோற்றைக் கட்டினாலும் வெடிக்காது.

யாருக்குக் கொடுப்பது

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டபின், சிற்றுண்டிக் கடைகளில் ஏட்டுக்கு ஓரளவு கிராக்கி ஏற்பட்டிருக்கிறது. அதிலும் காலையில் மட்டும் இட்லி விற்கும் சிறு கடையே நமக்குப் பொருந்தும். அடுத்தவர், கோயில் வாசலில் பூவும் தேங்காயும் விற்பவர். அமாவாசையன்று படையலுக்கு ஒன்றிரண்டு நுனியிலை வாங்க வருவோருக்கு அவர் தனித்தனியாக விற்பதால், பத்து இலைக்கும் அவரிடம் மதிப்பு உண்டு.

மூன்றாமவரே சிறந்தவர். திவசம், வளைகாப்பு, கணபதி ஹோமம், சுமங்கலிப் பிரார்த்தனை போன்று இருபது முப்பது பேர் உண்ணும் காரியங்களுக்கு வீடு தேடிச் சென்று சமைக்கும் சமையற்காரர், சந்தையில் ஒரு பெரிய கட்டை வாங்கினால் பாதிக்குமேல் வீணாகும். சில்லறையில் வாங்கினால் நுனி ஒடிந்ததும் பழுத்ததும் கலந்து வரும். நாள் முன்கூட்டியே தெரிந்த காரியம், எண்ணிக்கை சிறியது, இலையின் தரம் கட்டாயம் என்ற மூன்றும் சேர்ந்து அமைவதால், கொல்லைக்காரருக்கும் அவருக்கும் உள்ள பொருத்தம் வேறெவரோடும் அமைவதில்லை. அத்தகையவர் ஒருவரிடம் முதன்முறை செல்லும்போது, வெறுங்கையோடு போகாமல் ஐந்து நுனியிலையைக் கட்டி எடுத்துச் சென்று, "மாமா, இதை இன்றைய பந்தியில் போட்டுப் பாருங்கள், பிடித்திருந்தால் அடுத்த காரியத்துக்குப் பத்து நாளைக்கு முன்னால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தால் போதும்.

விலையைப் பொறுத்தவரை, அன்றன்றைய சந்தை விலையைக் கேட்டறிந்து, அந்தச் சில்லறை விலையையே வாங்குவது நியாயம். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் சந்தை விலை ஏறும். ஆடியிலும் மார்கழியிலும் விவாகங்கள் இல்லாமையால் இறங்கும். வாடிக்கைச் சமையற்காரரிடம் ஆண்டு முழுவதும் ஒரே விலை பேசிக்கொள்வதில் இருதரப்புக்கும் நிம்மதி உண்டென்பது என் அபிப்பிராயம். கடனுக்குக் கொடுத்தால் தேதி, எண்ணிக்கை, தொகை மூன்றையும் அவர் முன்னிலையிலேயே நோட்டில் எழுத வேண்டும்.

ஒரு வளைகாப்புக்கு இலை கொடுத்த கணக்கு

இந்த ஒப்புக்கொள்ளும் விஷயத்தில் நான் முதலில் பெரும் பிழை செய்தேன். ஒரு காதணி விழாவுக்கு எண்பது நுனியிலை வேண்டுமென்று கேட்ட சமையற்காரருக்கு, மரத்தில் அப்போது கண்ணுக்குத் தெரிந்த இலைகளை எண்ணி, "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டேன். அது ஆனி மாதம். விழாவுக்கு இரண்டு நாட்களுக்குமுன் எழுந்த காற்று ஓர் இரவு முழுவதும் அடித்தது. காலையில் போய்ப் பார்த்தால் தேறியவை முப்பதுக்கும் குறைவு. மீதியைச் சந்தையில் முகூர்த்த விலைக்கு வாங்கிக் கொடுத்து வாக்கைக் காப்பாற்றினேன். பணம் போனதைவிட, வாங்கிய இலையில் பாதி நுனி ஒடிந்திருந்ததைக் கண்டு அந்தச் சமையற்காரர் ஒன்றும் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டதுதான் எனக்கு உறுத்தியது. அன்று முதல் மரத்தில் தெரிவதை எண்ணி ஒப்புக்கொள்வதை விட்டுவிட்டேன்.

பின்னர் ஒரு வைகாசியில் ஒரு வளைகாப்புக்காக மற்றொரு சமையற்காரர் முப்பது நுனியிலை கேட்டார். விழாவுக்கு இருபது நாட்கள் இருந்தன. நான் செய்தது இது:

1. காம்புத் தேதிகளைப் பார்த்ததில் அம்மாதத்து இடைவெளி எட்டு நாள். அறுப்புப் பருவத்தில் இருபது மரங்கள். பதினாறு நாள் அறுக்காமல் நிறுத்தினால் மரத்துக்கு இரண்டு வீதம் நாற்பது இலை வரும்.

2. நாற்பதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் இருபத்தாறு. ஆகவே, "இருபத்தைந்து நிச்சயம், மீதி ஐந்து சிறுவர்களுக்குச் சீவிய ஏடாகத் தருகிறேன், சம்மதமா?" என்று கேட்டேன், சம்மதித்தார்.

3. விழாவுக்குப் பதினேழு நாட்களுக்குமுன், விற்கக்கூடிய இலைகளையெல்லாம் அறுத்துப் பூக்கடைக்குக் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து அரிவாளை எடுக்கவில்லை.

4. விழாவுக்கு இரண்டு நாட்களுக்குமுன் ஒவ்வொரு மரமாக எண்ணினேன். தண்டுவரை கிழிந்தவை ஆறு. புள்ளி விழுந்தவையும் எச்சம் பட்டவையும் நான்கு. முப்பது நல்லவை நின்றன. அன்றே சமையற்காரரிடம் கணக்குச் சரியாயிருப்பதைச் சொல்லிவிட்டேன். குறைந்திருந்தால் அவருக்கு வேறிடம் தேட ஒரு நாள் அவகாசம் இருந்திருக்கும்.

5. முந்தின நாள் மாலை அறுத்ததில் இரண்டு முறிந்தன. இருபத்தெட்டு தேறின. இருபத்தைந்தும் ஐந்து ஏடும் கட்டி, எஞ்சிய மூன்று நுனியிலையையும் விலையில்லாமல் மேலே வைத்தேன். பரிமாறும்போது கிழிவதற்கு அவருக்கும் சில வேண்டுமல்லவா?

அதே இருபத்தெட்டு இலைகளில் ஐம்பத்தாறு ஏடுகள் கிடைத்தன. ஐந்து வளைகாப்புக்குப் போக, மீதி ஐம்பத்தொன்றை இரண்டாகக் கிழித்ததில் வந்த நூற்றிரண்டு துண்டுகள் மறுநாள் காலை இட்லிக் கடைக்குச் சென்றன. நுனியிலை ஐந்து ரூபாய், சீவிய ஏடு மூன்று ரூபாய், துண்டு ஒரு ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 125, 15, 102 என மொத்தம் 242 ரூபாய். நுனியிலையை மட்டும் விற்று ஏட்டை மாட்டுக்குப் போடுகிறவர், வருமானத்தில் ஏறக்குறைய பாதியை இழக்கிறார் என்பது இதிலிருந்து விளங்கும்.

நோயைக் கண்டுகொள்ளுதல்

இலைக்காரர் தெரிந்திருக்க வேண்டிய நோய்கள் இரண்டு. இலையில் முதலில் மெல்லிய மஞ்சட் கீற்றுகளாகத் தோன்றி, பின் நடுவில் சாம்பல் நிறம் பூத்த பழுப்புப் புள்ளிகளாக விரிவது இலைப்புள்ளி நோய். மழைக்காலத்தில், காற்றோட்டமற்ற நெருக்கத்தில் இது மிகும். புள்ளி விழுந்த பகுதியை மட்டும் அறுத்துக் கொல்லைக்கு வெளியே எரித்துவிட்டு, வேண்டாத கன்றுகளைக் களைந்து நெருக்கத்தைக் குறைத்தால் பெரும்பாலும் கட்டுப்படும். மற்றொன்று முடிக்கொத்து நோய். புதிய இலைகள் குறுகி, நிமிர்ந்து, தலையில் கொத்தாக நிற்கும்; காம்பில் கரும்பச்சைக் கோடுகள் விட்டுவிட்டுத் தெரியும். இது வாழை அசுவினி பரப்பும் நோய், இதற்கு மருந்தில்லை. கண்ட அன்றே கிழங்கோடு குத்தைத் தோண்டி அழித்துவிட வேண்டும். அங்கிருந்து ஒரு கன்றைக்கூட எவருக்கும் கொடுக்கலாகாது. ஐயமிருப்பவர்கள் ஊர்த் தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலோ திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலோ கேட்டறியலாம்.

தார் வரும் மரம்

அடுத்தடுத்த இலைகள் நீளம் குறைந்து வருவதும், கடைசியில் மிகக் குட்டையான ஒன்று விரிவதும் பூ வெளிவரப்போவதற்கு அறிகுறி. அந்த மரத்தில் அதற்குமேல் அரிவாள் வைக்கலாகாது. அப்போது நிற்கும் இலைகளைக்கொண்டே தார் முற்ற வேண்டும், பத்து இலையாவது நின்றால்தான் காய் திரளும். இலை மிகுதியாக அறுத்த மரத்தின் தார் சிறுத்தே வரும் என்பதை முன்னமே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அதைப் பழமாக விற்க எண்ணாமல் வீட்டுக்கு வைத்துக்கொள்வதே நல்லது. அதே நாளில், அந்தக் குத்தில் விட்டுவைத்த பக்கக்கன்றின் புதிய இலைக் காம்பில் முதல் தேதியைக் கீறிவிடுங்கள்.